ஊறுகாயா, பொடியா, அப்பளமா: வீவக சமையலறையிலிருந்து கடைத் தட்டுக்கு முதலில் எதைக் கொண்டுபோவது?

சிங்கப்பூரில் வீட்டிலேயே ஊறுகாயும் பொடியும் செய்து அக்கம்பக்கத்தாருக்கும் கோவில் நண்பர்களுக்கும் அலுவலகத் தோழிகளுக்கும் விற்றுவரும் பெண்கள் பலரிடம், ஒரு கட்டத்தில் தேக்காவிலோ தங்கள் பேட்டையிலோ உள்ள மளிகைக் கடைக்காரர் ஒருவர் "எங்கள் கடையிலும் வைக்கலாமே" என்று கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்வி வந்தவுடன் பெரும்பாலோர் யோசிக்கத் தொடங்குவது பெயர்ச்சீட்டு எப்படி இருக்க வேண்டும், எந்தக் கடையை அணுகலாம் என்பவற்றைத்தான். என் கருத்தில், அவற்றுக்கெல்லாம் முன்னால் தீர்மானிக்க வேண்டியது எந்தப் பொருளை முதலில் கொண்டுபோவது என்பதே. ஏனென்றால் எங்கே செய்வது, எவ்வளவு முதல் முடங்கும், கடைத் தட்டில் அது எத்தனை மாதம் தாங்கும் ஆகிய மூன்றையும் பொருளே முடிவு செய்துவிடுகிறது. ஊறுகாய், பொடி, அப்பளம் மூன்றும் ஒரே கைமணத்தில் வந்தவை என்றாலும், கடைக்குப் போகும் வழியில் மூன்றும் முற்றிலும் வேறுவேறு தொழில்கள்.

முதலில் சட்டத்தின் எல்லையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வீவக வீடுகளிலும் தனியார் வீடுகளிலும் சிறிய அளவில் உணவு செய்து விற்பதற்கு வீடுசார்ந்த சிறுதொழில் திட்டம் இடம் தருகிறது. அதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் வசிக்காதவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது, தொழிற்சாலைக்குரிய கனரக இயந்திரங்களைப் பயன்படுத்தக்கூடாது, வெளியே விளம்பரப் பலகை தொங்கவிடக்கூடாது, அண்டை வீட்டாருக்கு வாடையாலோ சத்தத்தாலோ தொல்லை வரக்கூடாது. அத்திட்டம், செய்தவரே உண்பவருக்கு நேரடியாகக் கொடுக்கும் சிறு விற்பனைக்கானது. கடைகளுக்கு மொத்தமாக வழங்குவதற்காக உணவைத் தயாரித்துப் பொட்டலமிடுவது உற்பத்தித் தொழிலாகிவிடுவதால், அதற்கு உணவு பதனிடும் நிறுவனத்துக்கான உரிமம் வேண்டும். அந்த உரிமம் தொழிற்பேட்டையில் உணவு உற்பத்திக்கு அனுமதிக்கப்பட்ட இடத்துக்குத்தான் கிடைக்குமே தவிர, மூவறை வீட்டின் சமையலறைக்குக் கிடைக்காது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய உணவுச் சட்டம் 2028க்குள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பிலுள்ள விதியை அமைப்பின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே கடைக்குப் போவதென்றால், சமையல் வீட்டை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். வெளியேறுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. சொந்தமாகத் தொழிற்பேட்டையில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுப்பது ஒன்று. உரிமம் பெற்ற பகிர்வுச் சமையற்கூடத்தில் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ இடம் எடுப்பது மற்றொன்று. ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் உற்பத்தியாளரிடம், இங்கேயோ தமிழகத்திலோ, நம் செய்முறையைக் கொடுத்துச் செய்து வாங்குவது மூன்றாவது. இவற்றுள் எது பொருந்தும் என்பது, கையில் இருப்பது எந்தப் பொருள் என்பதைப் பார்த்தால்தான் விளங்கும்.

அப்பளம்: ஆசைப்பட வேண்டாம்

அப்பளத்தை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். உளுந்து மாவும் அப்பளக் காரமும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிதாகத் தேய்த்து, சரியான பதத்துக்கு உலர்த்துவதுதான் அந்தத் தொழிலின் உயிர். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் ஊரில், பிற்பகல் இடிமழைக்கு அஞ்சிக்கொண்டு வெயிலை நம்ப முடியாது. உரிமம் பெற்ற கூடத்தில் திறந்தவெளியில் காயவைக்கவும் விடமாட்டார்கள். உலர்த்தும் இயந்திரம் வாங்கினால் தட்டுகள் நிறைய இடத்தைப் பிடிக்கும். ஒரு நாள் வாடகையில் முடிய வேண்டிய வேலை இரண்டு மூன்று நாளாக நீளும். உலர்ச்சி கொஞ்சம் குறைந்தால் கட்டுக்குள்ளேயே பூசணம் பிடிக்கிறது, கொஞ்சம் கூடினால் ஓரம் நொறுங்கிக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உடைந்துவிடுகிறது. இவ்வளவு பாட்டுக்குப் பிறகும், தமிழகத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கும் அப்பளக் கட்டின் விலையோடு எந்த வகையிலும் போட்டியிட முடியாது. வத்தல், வடகத்துக்கும் இதே நிலைதான். அவற்றைத் தீபாவளி, பொங்கல் சமயங்களில் தெரிந்தவர்களுக்கு மட்டும் செய்துகொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊறுகாய்: கெட்டுப்போகாது என்பது வேறு, பாதுகாப்பானது என்பது வேறு

ஊறுகாயைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம், உப்பும் எண்ணெயும் இருப்பதால் அது தானாகவே பத்திரமாக இருக்கும் என்பதாகும். மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் ஊறுகாய்களில் இது பெரும்பாலும் உண்மை. அதற்குக் காரணம் எண்ணெய் அன்று. காயின் புளிப்பும் உப்பும்தான். கொடிய நச்சை உண்டாக்கும் போட்டுலினம் என்ற நுண்ணுயிர், புளிப்பு கூடக்கூடக் குறையும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால் வளர்வதில்லை. மாங்காயும் எலுமிச்சையும் இயல்பிலேயே அந்த எல்லைக்கு வெகுகீழே நிற்கின்றன. ஆனால் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கத்தரிக்காய் ஆகியவற்றில் இயல்பான புளிப்பு போதாது. அவற்றை எண்ணெயில் அமிழ்த்தி மூடிவைக்கும்போது காற்று புகாத சூழல் உருவாகிறது, அந்த நுண்ணுயிர் விரும்புவதும் அதுவே. புளிக்கரைசலையோ எலுமிச்சைச் சாற்றையோ போதிய அளவில் சேர்க்காத பூண்டு ஊறுகாய் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்து பத்து நாளில் தீர்ந்துவிடும்போது வெளிப்படாத ஆபத்து, கடைத் தட்டில் சாதாரண வெப்பத்தில் நான்கு மாதம் நிற்கும்போது வெளிப்படலாம்.

எனவே ஊறுகாயைக் கடைக்குக் கொடுப்பதானால் நாக்கை மட்டும் நம்பக்கூடாது. பிஎச் அளவுமானி ஒன்று கட்டாயம் வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் பிஎச் 4, பிஎச் 7 ஆகிய இரண்டு ஒப்புக் கரைசல்களில் சரிசெய்துகொண்டு, ஊறுகாயின் எண்ணெயை வடித்துவிட்டு, காய்த்துண்டுகளைச் சிறிது காய்ச்சி வடித்த நீர் விட்டு விழுதாக அரைத்து அளக்க வேண்டும். எண்ணெய் முனையில் படிந்தால் காட்டும் எண் தவறாகிவிடும். துண்டுகளை அரைக்காமல் சாற்றை மட்டும் அளந்தாலும் ஏமாற்றமே, ஏனெனில் புளிப்பு துண்டின் நடுவரை ஊறிச் சேர நாள் பிடிக்கும். செய்து இரண்டு வாரம் கழித்து அளந்த எண்ணும் 4.6ஐ நெருங்காமல் நன்றாகக் கீழே இருந்தால்தான் அந்தத் தொகுதியை வெளியே அனுப்பலாம். அதற்கு மேல் ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்வது நம்முடைய நிம்மதிக்கும் கடைக்காரரின் நம்பிக்கைக்கும் உதவும்.

பாதுகாப்பைத் தாண்டினாலும் ஊறுகாய்க்கு வேறு சுமைகள் உண்டு. அது ஊற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பணமும் இடமும் முடங்குகின்றன, பகிர்வுச் சமையற்கூடத்தில் அந்த இடத்துக்கும் தனியாக வாடகை கேட்பார்கள். கண்ணாடிப் போத்தல் கனமானது, மூடி சரியாக இறுகாவிட்டால் எண்ணெய் கசிந்து பெயர்ச்சீட்டைக் கறையாக்கும், கறைபட்ட போத்தலைக் கடைக்காரர் தயங்காமல் திருப்பிவிடுவார். உப்புக் குறைந்த தொகுதி கடையிலேயே நொதிக்கத் தொடங்கினால் மூடி புடைக்கும், திறக்கும்போது சீறும், ஓரத்தில் சிறு குமிழிகள் எழும். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் எல்லாக் கடைகளிலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

மாங்காய் ஊறுகாய் விரும்பிச் செய்பவர்களுக்குத் தமிழகத்தில் செய்து வாங்கும் வழி இயல்பாகவே பொருந்துகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே காய் மலிவாகக் கிடைக்கிறது, பெரிய ஊறல் தொட்டிகளும் இருக்கின்றன. ஆனால் அப்படிக் கொண்டுவரும்போது நாம் இறக்குமதியாளர் ஆகிவிடுகிறோம். சிங்கப்பூர் உணவு அமைப்பில் வணிகராகப் பதிந்துகொள்ள வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாக இறக்குமதி அனுமதி பெற வேண்டும், பொருளில் குறை இருந்தால் இங்கே பதில் சொல்ல வேண்டியவரும் நாமே. 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி அளவுக்கு மேல் இருந்ததால் அதைத் திரும்பப் பெறும்படி இறக்குமதியாளருக்கே உணவு அமைப்பு உத்தரவிட்டது என்பதை இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலும், செய்துகொடுப்பவர் கேட்கும் குறைந்தபட்ச அளவு, புதிதாகத் தொடங்குபவர் ஓர் ஆண்டு முழுவதும் விற்றாலும் தீராத அளவாக இருக்கக்கூடும்.

பொடி: ஒரு நாள் வேலையில் முடியும் பொருள்

பொடிக்கு நான் முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் அதன் சுவை அன்று, அதன் கால அளவு. காலையில் வறுக்கத் தொடங்கினால் மாலையில் அரைத்து, மறுநாள் பொட்டலமிட்டுவிடலாம். மாதத்தில் ஒரு முறை பகிர்வுச் சமையற்கூடத்தில் இடம் எடுத்தால் போதும். ஊறவைக்க இடம் வேண்டாம், காயவைக்க வெயில் வேண்டாம். நீர்ச்சத்து மிகக் குறைவாக இருப்பதால் நுண்ணுயிர் பெருகுவதும் அரிது. எடை குறைவு, உடையாது, கசியாது. ஆனாலும் பொடி கெடுவதற்கு அதற்கே உரிய வழிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் பொடிகளுக்குள்ளும் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது புலப்படும்.

முதலாவது ஈரம். வறுத்த பருப்பைச் சூட்டோடு அரைத்தாலோ, அரைத்த பொடியைச் சூட்டோடு பையில் அடைத்தாலோ, உள்ளே ஆவி குளிர்ந்து நீராகி இரண்டு மாதத்தில் கட்டி தட்டிவிடும். அகலமான எவர்சில்வர் தட்டுகளில் பரப்பி, உள்ளங்கையை அழுத்தி வைத்தாலும் வெப்பம் தெரியாத வரை ஆறவிட்டு அரைக்க வேண்டும். அரைக்கும்போது இயந்திரம் மீண்டும் சூடாக்கும் என்பதால், அரைத்த பிறகும் நன்றாக ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்து மறுநாள் பொட்டலமிடுவது நல்லது. கறிவேப்பிலையை நிழலில் உலர்த்தியதாக நம்பிச் சேர்த்தால் அதன் ஈரமே முழுத் தொகுதியையும் கெடுத்துவிடும். விரலால் நசுக்கினால் வளையாமல் சருகாக நொறுங்கும் வரை அதை வறுத்தே சேர்க்க வேண்டும்.

இரண்டாவது காறல். எள்ளும் கொப்பரையும் வேர்க்கடலையும் எண்ணெய் மிகுந்தவை. அரைத்தவுடன் அந்த எண்ணெய் காற்றோடு கலந்து நாளடைவில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது. கொப்பரை சேர்த்த பொடி வீட்டில் மிகப் பிடித்தமானதாக இருக்கலாம். கடைத் தட்டுக்கு அது ஏற்றதன்று. எள் சேர்த்த இட்லிப் பொடியை ஒளி புகும் கண்ணாடித்தாள் பையில் போட்டால் மிளகாயின் நிறம் கடை விளக்கிலேயே வெளிறும், காறலும் சீக்கிரம் வரும். உட்புறம் அலுமினியத் தாள் கொண்ட பையே சரி. பொருள் வெளியே தெரியவில்லையே என்று கடைக்காரர் குறைப்பட்டாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாவது வண்டு. கொத்தமல்லி, மிளகாய், மஞ்சள் ஆகியவற்றோடு வரும் சிறு வண்டின் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. நன்றாக வறுபட்டால் அவை அழிந்துவிடும். வறுக்காமல் வெறுமனே காயவைத்து அரைக்கும் தூள்களில் அவை தப்பிப் பிழைத்து, வாடிக்கையாளர் பையைத் திறக்கும் நேரத்தில் பறக்கும். வறுத்த பண்டத்தை, வறுக்காத மூலப்பொருள் கிடந்த மேசையிலோ சாக்கிலோ மறுபடி வைக்காமல் இருப்பதும் இதனால்தான். மசாலாப் பொருள்களோடு சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் வரக்கூடும் என்பதால், வறுத்ததும் வறுக்காததும் கலக்காமல் பார்த்துக்கொள்வது இருமடங்கு அவசியமாகிறது.

இவற்றை வைத்துப் பார்த்தால், முழுவதும் வறுத்த பருப்பால் ஆன இட்லிப் பொடி முதலில் நிற்கிறது. இரண்டாவதாகப் பருப்புப் பொடியைச் சொல்வேன். இரண்டுக்கும் பருப்பு, மிளகாய், பெருங்காயம், உப்பு என்று பெரும்பாலும் ஒரே மூலப்பொருள்கள்தான் என்பதால், மொத்தமாக வாங்கி ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் முடிக்கலாம். சாம்பார்ப் பொடியை மூன்றாவதாகச் சேர்ப்பதானால், அந்த நாளின் கடைசியில்தான் அதை அரைக்க வேண்டும். கொத்தமல்லியும் வெந்தயமும் அரைத்த இயந்திரத்தில் பிறகு பருப்புப் பொடி அரைத்தால், எவ்வளவு துடைத்தாலும் சாம்பார் வாடை அதில் ஏறிவிடும். மீன் குழம்புத் தூளும் கோழிக் கறித்தூளும் சிங்கப்பூரில் எல்லா இனத்தவரும் வாங்கும் பொருள்கள் என்பதால் ஆசை காட்டும். ஆனால் அதே காரணத்தால் அங்கே பல பத்தாண்டுகளாக வேரூன்றிய உள்ளூர்ப் பெயர்கள் சிறு பொட்டலங்களில் மிகக் குறைந்த விலைக்கு விற்கின்றன. புதியவர் அங்கே முதலில் நுழைவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பெயர்ச்சீட்டில் ஒரு சிறு பொறி இருக்கிறது. பொட்டலமிட்ட உணவின் சீட்டில் பொருளின் பெயர், எடை அளவின்படி இறங்குவரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பாளரின் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய சேர்மானங்களையும் குறிப்பிட வேண்டும். இட்லிப் பொடியில் கோதுமை எங்கே என்று தோன்றும். நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் "பெருங்காயம்" என்று மட்டும் அச்சிட்டுவிட்டால், கோதுமை ஒவ்வாதவருக்கு ஆபத்து, நமக்கோ அச்சிட்ட சீட்டெல்லாம் வீண். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதை முதல் தொகுதிக்கு முன்பே முடிவு செய்துகொண்டு, பிறகு மாற்றாமல் இருப்பதே நல்லது. வேர்க்கடலையும் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால், வேர்க்கடலைப் பொடியைத் தொடக்கத்திலேயே வரிசையில் சேர்க்காமல் விட்டால் மற்றப் பொடிகளின் சீட்டும் எளிதாகிவிடும்.

அண்டை வீட்டு விலை கடைக்குப் பொருந்துமா?

இங்கேதான் பலருடைய கணக்கு தடுமாறுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எண்கள் என் ஊகமே. ஒவ்வொருவரும் தங்களுடைய எண்களை இட்டுப் பார்க்க வேண்டும். ஈஷூனில் வசிக்கும் ஒருவர் 200 கிராம் இட்லிப் பொடியைத் தெரிந்தவர்களுக்கு 6 வெள்ளிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பருப்பு, மிளகாய், எள் முதலியவற்றுக்கு ஒரு பொட்டலத்துக்கு 1 வெள்ளி 20 காசும் பைக்கு 30 காசும் போக மீதி முழுவதும் அவர் கைக்கு வருகிறது. வீட்டு வாடகையும் தம் உழைப்பும் அவருடைய கணக்கில் இல்லை.

அதே பொடியைப் பகிர்வுச் சமையற்கூடத்தில் செய்கிறார். ஒரு நாள் இடத்துக்கு 200 வெள்ளி. இரண்டு பேர் எட்டு மணி நேரம் வேலை செய்தால், மணிக்கு 12 வெள்ளி வீதம் 192 வெள்ளி. அன்று 40 கிலோ, அதாவது 200 பொட்டலம் முடிகிறது. ஒரு பொட்டலத்துக்கு மூலப்பொருள் 1.20, அலுமினியப் பையும் சீட்டும் 50 காசு, இடம் 1 வெள்ளி, கூலி 96 காசு, போக்குவரத்தும் சேதாரமும் சோதனையும் சேர்த்து 60 காசு; ஆக 4 வெள்ளி 26 காசு. கடையிலும் 6 வெள்ளிக்கே விற்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார், கடைக்காரர் விற்பனை விலையில் முப்பது விழுக்காடு தமக்கு எடுத்துக்கொள்கிறார் என்றால், இவருக்குக் கிடைப்பது 4 வெள்ளி 20 காசு. ஒவ்வொரு பொட்டலத்திலும் 6 காசு நட்டம். அதிகம் விற்றால் சரியாகிவிடும் என்று நினைப்பது வீண். இந்தக் கணக்கில் அதிகம் விற்றால் நட்டம்தான் அதிகமாகும்.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. விலையை 7 வெள்ளி 50 காசாக உயர்த்தினால் கைக்கு 5 வெள்ளி 25 காசு வரும், ஆனால் பக்கத்திலேயே இறக்குமதிப் பொடி அதில் பாதி விலைக்குக்கூட வராமல் நிற்கும்போது, புதிய பெயரை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்பது ஐயத்துக்குரியது. மற்றொரு விடை, அதே நாளில் அதே இடத்தில் அதே ஆட்களோடு இரட்டிப்பு அளவு செய்வது. பெரிய வறுப்பு உருளையும் அரைவையும் உள்ள கூடமாகத் தேர்ந்தெடுத்து 80 கிலோ முடித்தால், இடச் செலவு 50 காசாகவும் கூலி 48 காசாகவும் குறைந்து, அடக்கவிலை 3 வெள்ளி 28 காசுக்கு இறங்கும். அப்போது 6 வெள்ளி விலையிலேயே பொட்டலத்துக்கு 92 காசு நிற்கும். ஆகவே பகிர்வுச் சமையற்கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மணி வாடகை மலிவா என்று பார்ப்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ வறுத்து அரைக்க முடியும் என்று பார்ப்பதே முக்கியம். உரிமம் யார் பெயரில் இருக்கிறது, எந்தெந்த உணவுகளுக்கு, அங்கே செய்ததைக் கடைகளுக்கு வழங்க அது இடம் தருகிறதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்தமாகத் தொழிற்பேட்டை இடம் எடுப்பதை, மாதத்தில் ஏழெட்டு நாளாவது முழு அளவில் வேலை நடக்கும் நிலை வந்த பிறகு யோசிக்கலாம்.

எத்தனை வகை?

அண்டை வீட்டாருக்கு விற்கும்போது பத்துப் பதினைந்து வகை வைத்திருப்பது பலம். கேட்பதைக் கேட்டபோது செய்துகொடுக்கலாம். கடையில் அது பாரமாகிறது. புதிய பெயர் என்றால் பல கடைகள் விற்ற பிறகே பணம் தருவார்கள், அல்லது ஒரு மாதம், இரண்டு மாதம் தவணை கேட்பார்கள். பத்துக் கடையில் ஆறு வகையை வகைக்கு 12 பொட்டலம் வைத்தால் 720 பொட்டலங்கள் பிறர் கடையில் நிற்கும். முன்பு கண்ட 4.26 அடக்கத்தில் அது 3,000 வெள்ளிக்கு மேல். இரண்டே வகையானால் 240 பொட்டலம், 1,000 வெள்ளி சொச்சம். வகை கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு, தனிப் பட்டைக் குறியீடு, தனிக் காலாவதித் தேதி என்று வேலையும் பெருகுகிறது. அதோடு, ஒரு தட்டில் ஆறு வகையும் இரண்டிரண்டாக நின்றால் எதுவும் கண்ணில் படாது. இட்லிப் பொடி மட்டும் எட்டு வரிசையாக நின்றால் கடந்துபோகிறவர் நின்று பார்ப்பார்.

காலாவதித் தேதியை ஊகித்துப் போடக்கூடாது. முதல் தொகுதியிலிருந்து பத்துப் பொட்டலங்களை எடுத்து, குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒரு சிட்டிகையை விரலிடையில் அழுத்தினால் உதிர்கிறதா, ஒட்டிக்கொள்கிறதா. நல்லெண்ணெய் ஊற்றிக் குழைக்கும்போது புது எள் மணம் வருகிறதா, பழைய எண்ணெய் வாடை வருகிறதா. நிறம் மங்கியிருக்கிறதா என்று எழுதிவைக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் காறல் தொடங்குகிறது என்றால் சீட்டில் நான்கு மாதம் என்று போடுவதே நேர்மை. ஒவ்வொரு பொட்டலத்திலும் தொகுதி எண் இருந்தால், ஏதாவது ஒரு கடையிலிருந்து குறை வரும்போது எந்த நாளில் அரைத்தது என்று தெரிந்து அந்தத் தொகுதியை மட்டும் எடுத்துவிடலாம்.

கடை தேர்விலும் பொருளுக்கேற்ற வேறுபாடு உண்டு. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் இட்லிப் பொடி தேடி வருபவர்கள் நிறைய. ஆனால் அங்கே தட்டில் போட்டியும் நிறைய, விலை ஒப்பீடும் உடனே நடக்கும். தெம்பனீஸ், செங்காங், பொங்கோல் போன்ற பேட்டைகளில் இந்தியக் குடும்பங்கள் வாழும் இடத்து மினிமார்ட்டில் போட்டி குறைவு, வாராவாரம் வரும் அதே வாடிக்கையாளர்கள், நம்மிடம் ஏற்கெனவே வாங்கியவர்களும் அங்கேயே இருப்பார்கள். முதல் ஐந்தாறு கடைகளை அப்படிப்பட்ட இடங்களில் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். பெரிய பேரங்காடிகள் பட்டியலில் சேர்ப்பதற்கான கட்டணம், விளம்பரத் தள்ளுபடி, தொடர்ச்சியான வழங்கல் என்று கேட்பவற்றை மாதம் ஒரு நாள் அரைப்பவரால் தாங்க முடியாது. மலாய் முஸ்லிம் வாடிக்கையாளர்களையும் எட்ட விரும்பினால் முயிஸ் வழங்கும் ஹலால் சான்றிதழ் பெற வேண்டும். அதைப் பெறாமல் முயிஸின் ஹலால் சான்றுக் குறியைச் சீட்டில் நாமாகவே அச்சிடுவது குற்றம். பருப்புப் பொடிக்கு அதைப் பெறுவது கடினமன்று, ஆனால் பகிர்வுச் சமையற்கூடத்தில் வேறு யார் என்ன செய்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும் என்பதால், கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைக்காரரோடு பேசும்போது, விற்காத பொட்டலத்தை யார் ஏற்பது, காலாவதிக்கு எத்தனை நாள் முன்பு திருப்பலாம், திருப்பியதன் விலையை எப்படிக் கழிப்பது என்ற மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் முறை கடைக்காரர் எடுத்துக்கொள்வதை விற்பனையாக எண்ண வேண்டாம். அவர் இரண்டாம் முறை தாமாகக் கேட்பதுதான் கணக்கு. வாரத்துக்கு ஒருமுறை கடைக்குச் சென்று தட்டில் எஞ்சியதை எண்ணி, கடைவாரியாகக் குறித்துவைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் எந்தப் பொடி எங்கே நகர்கிறது என்பது தெரிந்துவிடும். இட்லிப் பொடி ஆறு கடையிலும் மாதம் பன்னிரண்டுக்குக் குறையாமல் விற்று, பருப்புப் பொடி இரண்டில் மட்டும் விற்றால், மற்ற நான்கிலிருந்து பருப்புப் பொடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பார்ப் பொடியை வைத்துப் பார்க்கலாம். ஊறுகாயை அதற்குப் பிறகு, ஒரே வகையாக, எலுமிச்சையில் தொடங்கலாம். எலுமிச்சை இங்கே ஆண்டு முழுவதும் கிடைக்கிறது, அதன் புளிப்பே அதற்குக் காவல், மாங்காய்போலப் பருவத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பிஎச் அளவுக் குறிப்பேட்டில் நான்கைந்து தொகுதிகளின் எண்கள் ஒரே சீராக வந்த பிறகு, முதலில் ஒரே ஒரு கடையில் இருபது போத்தல்களை மட்டும் வைத்து, மூடி கசிகிறதா என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.